காணாமற்போன அகமதிப்பீட்டு மதிப்பெண்: மற்ற தேர்வுகளை வைத்து நிரப்பலாமா?

3 ஏப்ரல் 2023, முற்பகல் 10.40, முல்லைத்தரை

பி.காம். இரண்டாம் ஆண்டு, வணிகப் புள்ளியியல் பாடம். வகுப்பில் 42 பேர். அகமதிப்பீடு 25 மதிப்பெண்ணுக்கு. அதில் மூன்று தேர்வுகள் 15க்கு, ஒப்படைவும் செமினாரும் வருகைப்பதிவும் சேர்ந்து 10க்கு. ஒவ்வொரு தேர்வும் 50 மதிப்பெண்ணுக்கு நடந்தது. மூன்றின் கூட்டுத்தொகையைப் பத்தால் வகுத்தால் 15க்கான மதிப்பெண் வந்துவிடும்.

ஒரு மாணவரின் இரண்டாம் தேர்வு விடைத்தாள் கட்டில் இல்லை. அன்றைய வருகைத்தாளில் அவருடைய கையெழுத்து இருக்கிறது, கண்காணிப்பாளர் எண்ணிக் குறித்த 40 தாள்களில் அவருடையதும் ஒன்று. மதிப்பெண் பட்டியலில் மட்டும் அவருடைய கட்டம் காலியாக உள்ளது. தாளைத் திருத்திய விரிவுரையாளர் பணியிலிருந்து விலகிவிட்டார். முதல் தேர்வில் 40, மூன்றாம் தேர்வில் 38 பெற்றவர் ஆகையால், இரண்டின் சராசரியான 39ஐ இட்டு நிரப்பலாம் என்பது என் கருத்து. துறைத்தலைவரும் தலையசைத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் தேர்வுப் பிரிவுக்கு அனுப்பியாக வேண்டும். இதில் யாருக்கேனும் மறுப்பு உண்டா?

3 ஏப்ரல், பிற்பகல் 1.15, கீழவாசல்

தேர்வுப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண்ணைக் கணிப்பதற்கு முன் அதைத் தேடியாக வேண்டும். விலகிய விரிவுரையாளரின் கையேட்டில் இருக்கலாம். அவர் மதிப்பெண் பட்டியலைப் படம் எடுத்து வகுப்புக் குழுவில் அனுப்பியிருக்கலாம். தாள்களை மாணவர்களிடம் காட்டிய அன்று ஒருவர் தாள் மற்றொருவர் பையோடு போயிருக்கலாம். என் காலத்தில் காணாமற்போனவை என்று கடிதம் வந்த தாள்களில் பாதிக்கு மேல் பக்கத்துப் பிரிவின் கட்டிலிருந்துதான் கிடைத்தன. பி.காம். 'ஏ' பிரிவின் தாளை 'பி' பிரிவின் கட்டில் நூல் கோத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

தேடியும் கிடைக்காவிட்டால் 39 என்று இடுவதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. மாணவர் தேர்வை எழுதியிருக்கிறார், தவறு நம்முடையது.

3 ஏப்ரல், மாலை 6.50, கீழவாசல்

மதியம் எழுதியதில் கடைசிப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன். சாப்பிட்டுவிட்டு எழுதியதன் விளைவு.

அந்த இரண்டாம் தேர்வில் வகுப்பின் சராசரி என்ன என்று நான் கேட்கவே இல்லை. மூன்று தாள்களும் ஒரே அளவுக்குக் கடினமாக இருந்தால்தான் 40க்கும் 38க்கும் நடுவே 39 என்பதற்குப் பொருள் உண்டு. இரண்டாம் தாள் கடினமாக இருந்திருந்தால், மற்ற 39 பேரும் அந்தக் கடினத்தைத் தாங்கியிருக்க, இவர் ஒருவருக்கு மட்டும் எளிய தாள் எழுதிய பலன் கிடைக்கிறது. முல்லைத்தரை, மூன்று தேர்வுகளின் வகுப்புச் சராசரியையும் இங்கே இடுங்கள்.

4 ஏப்ரல், காலை 9.05, முல்லைத்தரை

முதல் தேர்வின் சராசரி 34, மூன்றாவதின் சராசரி 31. இரண்டாவது 26க்குச் சற்றுக் குறைவு. அதில் கடினம் இருந்தது உண்மைதான். பாடப்பகுதி ஒட்டுறவும் பின்னடைவுக் கோடும். எந்தப் பகுதியின் மதிப்பெண் காணவில்லையோ அதே பகுதியைக் கொண்டுதான் அந்த மதிப்பெண்ணைக் கணிக்கப் போகிறோம் என்று மாணவர்கள் சிரிக்கிறார்கள்.

4 ஏப்ரல், காலை 9.40, செம்மண்

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டியதில்லை. 2021இல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. அரசு பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று எடுத்து எல்லாருக்கும் மதிப்பெண் வழங்கியது. அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் இந்த மாணவர்களில் பலர் உங்கள் கல்லூரியிலேயே சேர்ந்திருப்பார்கள். அரசு செய்யலாம், ஒரு துறை செய்யக்கூடாதா?

4 ஏப்ரல், முற்பகல் 11.20, கீழவாசல்

செம்மண் சொல்லும் விகிதங்கள் சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவு பாதிதான் சரி.

அந்த ஆண்டு ஒருவருக்குக் கூடப் பொதுத்தேர்வு நடக்கவில்லை. எல்லாருடைய மதிப்பெண்ணும் ஒரே வாய்பாட்டிலிருந்து பிறந்தது, வாய்பாடு முன்கூட்டியே வெளியிடப்பட்டது, முடிவு பிடிக்காதவர் பின்னர்த் தேர்வு எழுதிக்கொள்ளலாம் என்ற வாசலும் திறந்திருந்தது. பத்தாம் வகுப்பில் உயர்ந்த மூன்று பாடங்களின் சராசரியைத்தான் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது தாராளமான கணக்கு, ஆனால் எல்லாருக்கும் ஒரே தாராளம்.

இங்கே நிலைமை வேறு. 39 பேர் எழுதிப் பெற்ற எண்ணுக்கு நடுவே ஒருவருடைய கணித்த எண்ணைச் செருகப் போகிறோம். அந்த எண் மற்றவர்களின் எண்ணோடு ஒரே பட்டியலில் நின்று தரவரிசை பெறும். அதோடு, யாருடைய தாள் என்று தெரிந்த பிறகு, அவருடைய மற்ற மதிப்பெண்களையும் பார்த்த பிறகு, விதியை எழுதப் போகிறோம்.

4 ஏப்ரல், பிற்பகல் 12.05, அரியர் அரசன்

மழையால் ஆட்டம் நின்றால் டக்வொர்த் லூயிஸ் முறையில் இலக்கைத் திருத்துகிறார்கள். அதைப்போலக் கல்லூரிக்கும் ஒரு முறை இருந்தால் எனக்கு மூன்று அரியர்கள் குறையும். எனக்கு வெளித்தேர்வில் 75க்கு 46 இருக்கிறது, அகமதிப்பீட்டில் ஒரு தேர்வு விடுபட்டிருக்கிறது. அந்த 46ஐ வைத்து நிரப்பித் தரச் சொல்லலாமா?

4 ஏப்ரல், பிற்பகல் 12.30, கீழவாசல்

தம்பி, ஆட்டத்தில் மழை வந்தால் எந்தக் கணக்கு என்பது டாஸ் போடும் முன்பே இரு அணிக்கும் தெரியும். உன்னுடைய மழை எப்போது பெய்தது என்பதே எனக்குத் தெரியவில்லை. தேர்வு எழுதவில்லையா, எழுதித் தாள் தொலைந்ததா என்று நீ சொல்லவில்லை.

வெளித்தேர்வை வைத்து அகமதிப்பீட்டை நிரப்பக்கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பருவம் முழுவதும் ஆசிரியர் பார்த்ததற்கு 25, மூன்று மணி நேரத்தில் வெளியார் பார்த்ததற்கு 75 என்று பிரித்ததே இரண்டும் வெவ்வேறு சாட்சிகள் என்பதால்தான். ஒரு சாட்சி வராத இடத்தில் வந்த சாட்சியையே இரண்டு முறை பேச வைத்தால், 75 மதிப்பெண் தேர்வு சத்தமில்லாமல் அதைவிடப் பெரிய தேர்வாகிவிடும்.

4 ஏப்ரல், இரவு 9.30, கீழவாசல்

முல்லைத்தரை அனுப்பிய பட்டியலை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். பெயர்களை நீக்கித்தான் அனுப்பியிருந்தார். முதல், மூன்றாம் தேர்வுகளின் கூட்டுத்தொகை D நிரலில், இரண்டாம் தேர்வு C நிரலில். மற்ற 41 பேரும் எவ்வாறு எழுதியிருந்தார்கள் என்பதை வைத்து, கூட்டுத்தொகை 78 பெற்ற ஒருவர் இரண்டாம் தேர்வில் எவ்வளவு பெற்றிருக்கக்கூடும் என்று கேட்பதற்கு ஒரே வரி போதும். அந்த விடை எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கு இன்னொரு வரி.

```
=FORECAST(78, C2:C42, D2:D42)
=STEYX(C2:C42, D2:D42)
```

முதல் வரி ஏறத்தாழ 32 தந்தது. இரண்டாவது வரி 8ஐத் தாண்டியது. எட்டு மதிப்பெண் பிசகக்கூடிய கணிப்பை மதிப்பெண் பட்டியலில் எழுதுவதும் குறி கேட்டு எழுதுவதும் ஒன்றுதான் என்று எழுத உட்கார்ந்தேன். தூக்கம் வந்ததால் நாளைக்கு ஒத்திவைக்கிறேன்.

5 ஏப்ரல், காலை 7.15, கீழவாசல்

தூங்கியது நல்லதாயிற்று. நேற்றிரவுக் கணக்கு தவறு.

40 தாள்கள்தான் இருந்தன என்று முல்லைத்தரை முதற்பதிவிலேயே எழுதியிருக்கிறார். வகுப்பில் 42 பேர். ஆகவே இருவர் அன்று வரவே இல்லை. பட்டியலைத் திறந்து பார்த்தால், அந்த இருவரின் கட்டத்திலும் 0 என்று பதிந்திருந்தது. வராதவருக்கு 'ஏபி' என்று குறிக்காமல் 0 இடும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. கூட்டல் பிழை வராது என்பதற்காக இடுகிறார்கள். ஆனால் கணக்குக்கு அந்த 0 என்பது, எழுதி ஒன்றுமே பெறாத ஒருவர் என்று பொருள். அந்த இரு வரிகளையும் விலக்கினால் இரண்டாம் தேர்வின் சராசரி 27 ஆகிறது. 78க்கான கணிப்பு 33.5 ஆகிறது. பிசகு 5.5 ஆகக் குறைகிறது. இரண்டே இரண்டு சுழியங்கள் செய்த வேலை இது.

33.5 எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாணவரும் அதைத்தான் கேட்பார். முதல், மூன்றாம் தேர்வுகளின் கூட்டுத்தொகையில் வகுப்பின் சராசரி 65. இவர் 78, அதாவது 13 மிகுதி. இந்த வகுப்பில் அந்தக் கூட்டுத்தொகையில் ஒரு மதிப்பெண் மிகுதியாகப் பெற்றவர்கள், இரண்டாம் தேர்வில் சராசரியாக அரை மதிப்பெண் மிகுதியாகப் பெற்றிருக்கிறார்கள். ஆகவே 27உடன் 6.5ஐக் கூட்டுகிறோம். பிசகு 5.5 என்பதன் பொருள், இவரைப் போன்ற மூவரில் இருவருடைய உண்மையான மதிப்பெண் 28க்கும் 39க்கும் இடையில் இருக்கும். மூன்றாமவர் அதற்கும் வெளியே இருப்பார்.

முல்லைத்தரை சொன்ன 39 அந்த இடைவெளியின் மேல் விளிம்பில் நிற்கிறது. முடியாத எண் என்று சொல்லமாட்டேன், தாராளமான எண்.

5 ஏப்ரல், முற்பகல் 10.10, தாழை

கீழவாசல் சாரின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அவர் பயன்படுத்தாத ஒரு சாட்சி மேசை மேலேயே இருக்கிறது. மூன்றாம் தேர்வு மாடல் தேர்வு தானே? அதில் ஐந்து அலகுகளிலிருந்தும் வினாக்கள் வந்திருக்கும். இரண்டாம் தேர்வுக்குரிய மூன்றாம், நான்காம் அலகுகளின் வினாக்களில் மட்டும் இவர் எவ்வளவு பெற்றார் என்பது விடைத்தாளின் முகப்புப் பக்கத்துக் கட்டங்களிலேயே, வினா எண் வாரியாக, சிவப்பு மையில் எழுதியிருக்கும். முதல் தேர்வு அவருக்கு முதல் இரண்டு அலகுகள் தெரியும் என்பதைச் சொல்கிறது. தொலைந்த தாள் கேட்ட கேள்வி அது அன்று.

5 ஏப்ரல், மாலை 4.25, முல்லைத்தரை

மாடல் தேர்வுத் தாள்கள் என் அலமாரியில்தான் உள்ளன. பார்த்தேன். மூன்றாம், நான்காம் அலகுகளுக்கு 20 மதிப்பெண் இருந்தது. அதில் இவர் பெற்றது 11. மீதி 30க்கு 27. முகப்பில் பதினான்காம் வினாவின் கட்டத்தில் 3 என்று எழுதி, அடித்து, 2 என்று திருத்தியிருக்கிறேன். பின்னடைவுச் சமன்பாட்டில் X மீதான Yஐயும் Y மீதான Xஐயும் மாற்றிப் போட்டிருந்தார், இப்போது நினைவுக்கு வருகிறது. வகுப்பில் மற்றவர்கள் அந்த 20க்குச் சராசரியாகப் பத்தரை வாங்கியிருக்கிறார்கள்.

ஆகவே இந்தப் பகுதியில் அவர் சராசரியைவிடச் சற்று மேலே உள்ள மாணவர், அவ்வளவே. அதை வைத்துப் பார்த்தால் இரண்டாம் தேர்வில் 28 என்பதே பொருத்தமாகத் தெரிகிறது. எனக்கு இப்போது 39, 33.5, 28 என்று மூன்று எண்கள் கையில் உள்ளன. திங்கட்கிழமை ஒரே எண்ணோடு நிம்மதியாக இருந்தேன்.

5 ஏப்ரல், இரவு 8.00, கீழவாசல்

தாழை மேடம் சொன்னது எனக்குத் தோன்றவில்லை, தோன்றியிருக்க வேண்டும்.

மூன்று எண்களுக்கும் அகமதிப்பீட்டில் என்ன வேறுபாடு என்று பார்த்தீர்களா? மற்ற பத்துக்கு அவர் 8 பெற்றிருக்கிறார் என்று உங்கள் பட்டியல் சொல்கிறது. 39 என்றால் மொத்தம் 19.7, அதாவது 20. 33.5 என்றால் 19.15, அதாவது 19. 28 என்றால் 18.6, அதுவும் 19. மூன்று நாள் சண்டையும் ஒரே ஒரு மதிப்பெண்ணுக்காக. இவருடைய தேர்ச்சியோ வகுப்போ இதனால் மாறப்போவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில், தேடிய சான்றுகளையும் கணக்கையும் ஒரு தாளில் எழுதி, துறைக் குழுவில் கையெழுத்து வாங்கி, 'கணிக்கப்பட்டது' என்ற குறிப்போடு அனுப்பினால் அதை நான் ஏற்றிருப்பேன். குறிப்பு இல்லாமல் வந்தால் திருப்பியனுப்பியிருப்பேன். ஏனென்றால் அடுத்த ஆண்டு பட்டியலைப் பார்ப்பவருக்கு அது எழுதிப் பெற்ற எண்ணாகவே தெரியும்.

6 ஏப்ரல், காலை 8.50, செம்மண்

அப்படியானால் நான் சொன்னதற்கே வந்துவிட்டீர்கள். கணிக்கலாம், ஒரு மதிப்பெண்தானே. என் துறையில் சென்ற பருவத்தில் இப்படித்தான் ஒருவருக்குச் செய்தோம். முதல் தேர்வில் 20, மாடலில் 19. சராசரி 19.5 என்று இட்டோம். மற்றவற்றில் 4 சேர்த்து 9.85, முழுமையாக்கி 10. எங்கள் கல்லூரியில் அகமதிப்பீட்டுக்குக் குறைந்தபட்சம் 10 என்ற விதி உண்டு. அவர் தேர்ச்சி பெற்றார். யாருக்கும் நட்டம் இல்லை.

6 ஏப்ரல், முற்பகல் 11.45, கீழவாசல்

செம்மண், உங்கள் மாணவரின் கதைதான் நான் அஞ்சுகிற கதை.

உங்கள் வகுப்பின் எண்கள் என்னிடம் இல்லை. ஆகையால் முல்லைத்தரையின் வகுப்பில் அவர் இருந்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 39, சராசரியைவிட 26 குறைவு. அதில் பாதி 13. இருபத்தேழிலிருந்து கழித்தால் கணிப்பு 14. மூன்று தேர்வும் சேர்ந்து 53, அதாவது 5.3, மற்றவற்றில் 4, ஆக 9.3. முழுமையாக்கினால் 9, தேறவில்லை. அதே மாணவர், அதே தாள்கள். நீங்கள் சராசரியை எடுத்ததால் தேறினார், நான் பின்னடைவுக் கோட்டைப் பயன்படுத்தினால் தேறமாட்டார்.

அதற்காக என் கணக்கு சரி, உங்களுடையது தவறு என்று சொல்ல வரவில்லை. அவர் தேற வேண்டுமானால் இரண்டாம் தேர்வில் 16 பெற்றிருந்தால் போதும். கணிப்பு 14, பிசகு 5.5. அப்படியானால் அவர் உண்மையில் 16ஐத் தொட்டிருக்க மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலான வாய்ப்பு இருக்கிறது. அவ்வளவு பெரிய வாய்ப்பை வைத்துக்கொண்டு ஒருவரைத் தேறாதவர் என்று எழுதுவதும் தகாது, மூன்றில் இரு பங்கு எதிராக இருக்கும்போது தேறியவர் என்று எழுதுவதும் தகாது. எந்தக் கணக்கைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது முடிவைத் தீர்மானிக்குமானால், நாம் அளக்கவில்லை, தீர்ப்பளிக்கிறோம். அங்கே மறுதேர்வு ஒன்றுதான் வழி. ஒரு மணி நேரம், ஒரு வினாத்தாள், ஒரு கண்காணிப்பாளர்; அதற்கு மேல் செலவு இல்லை.

6 ஏப்ரல், பிற்பகல் 2.20, செம்மண்

மறுதேர்வு வைத்திருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாணவர். உங்களுக்குக் கணக்கு தெரிகிறது, அந்த மாணவரின் வீடு தெரியாது.

6 ஏப்ரல், இரவு 9.10, கீழவாசல்

அது உண்மை. அதற்கு என்னிடம் விடை இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன்: அவருடைய தாள் தொலைந்ததா, அல்லது வேலையின் பொருட்டு அவர் தேர்வுக்கு வரவில்லையா? கடைசிப் பதிவைப் படித்த பின் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. அப்படியானால் நாம் இரு வேறு பொருள்களைப் பற்றி நான்கு நாள்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முல்லைத்தரையின் மாணவர் எழுதினார். தாள் தொலைந்ததற்கும் அவர் எவ்வளவு எழுதினார் என்பதற்கும் தொடர்பு இல்லை. ஆகவே மற்றவர்களைப் போன்றவரே என்று கொண்டு கணிக்க இடமுண்டு. வராதவர் அப்படி இல்லை. படிக்காததால் வராதவரும் அதில் உண்டு. வேலைக்குப் போனவரும் உண்டு, அவருக்குப் படிக்கவும் நேரம் கிடைத்திராது. வந்தவர்களின் மதிப்பெண்களை வைத்து வரைந்த கோடு, வராதவர்களுக்குப் பொருந்தும் என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. பெரும்பாலும் மிகையாகவே காட்டும்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில், மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் விடுபட்ட தேர்வுக்கு மற்ற இரண்டின் சராசரி என்று ஒரு பருவத்தில் விதி கொண்டுவந்தோம். நல்ல எண்ணத்தில்தான். குறிப்பெழுதிக் கையெழுத்திட்டவன் நானே. வழக்கமாக இரண்டு மூன்று சான்றிதழ்கள் வரும் இடத்தில், அடுத்த பருவத்தின் இரண்டாம் தேர்வுக்கு ஒரே வகுப்பிலிருந்து பதினொன்று வந்தன. ஒன்பது பேருக்கு ஒரே மருத்துவர், ஒரே வயிற்றுப்போக்கு. முதல் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களுக்குத்தான் வயிறு கெட்டிருந்தது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. கடினமான தாளை எழுதாமல் இருந்தால் எளிய தாளின் மதிப்பெண் கிடைக்கும் என்று விதியில் நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோம்.

7 ஏப்ரல், காலை 6.30, தரவுப்பெட்டி

நான் முனைவர் பட்டத்துக்காக நான்கு கல்லூரிகளின் அகமதிப்பீட்டுத் தரவுகளை வைத்து ஆய்வு செய்கிறேன். விடுபட்ட மதிப்பெண்களை ஒவ்வொன்றுக்கும் இருபது முறை வெவ்வேறு மதிப்புகளால் நிரப்பி, இருபது முடிவுகளையும் ஒன்றாக்குகிறேன். என் நெறியாளர் ஏற்றுக்கொண்ட முறை. இங்கே கூறப்படுவதைப் பார்த்தால் நான் செய்வதும் தகாது என்று ஆகிறதே?

7 ஏப்ரல், காலை 9.00, தாழை

ஆகாது. நீங்கள் கேட்பது வகுப்பைப் பற்றிய கேள்வி. இருபது முறை நிரப்புவதே, எந்த ஒரு நிரப்பலையும் நம்பக்கூடாது என்பதற்காகத்தான். ஐயத்தின் அளவு உங்கள் முடிவோடு சேர்ந்தே வெளியாகிறது. மதிப்பெண் பட்டியலில் ஒருவருக்கு இருபது எண்களை எழுத முடியாது. ஒரு எண்ணை எழுதிய அந்தக் கணமே ஐயம் மறைந்துவிடுகிறது.

கூட்டத்துக்குப் பொருந்துவதைத் தனி ஆளின் மேல் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை 2020 ஆகஸ்டில் இங்கிலாந்து பார்த்தது. தேர்வு இல்லாத ஆண்டில் பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் முடிவுகளையும் சேர்த்துக் கணித்து ஏ லெவல் தரங்களை வழங்கினார்கள். ஏறத்தாழ 39 விழுக்காடு தரங்கள் ஆசிரியர்கள் கொடுத்ததைவிடக் குறைந்தன. நாட்டின் மொத்தக் கணக்கு முந்தைய ஆண்டுகளைப் போலவே அழகாக அமைந்தது. நலிந்த பள்ளியில் படித்த கெட்டிக்கார மாணவருக்கு அந்த அழகால் பயனில்லை. நான்கே நாளில் அதைக் கைவிட்டு ஆசிரியர் கொடுத்த தரத்துக்கே திரும்பினார்கள். கீழவாசல் சாரின் கோடும் சிறிய அளவில் அதைத்தான் செய்கிறது. மற்ற இரண்டு தேர்வுகளில் சராசரியாக 39 பெற்றவருக்கு 33.5 மட்டும் கொடுக்கிறது. அந்த வெட்டு கணக்கின்படி சரி. ஆனால் அந்தப் பையனிடம் போய், உன் வகுப்புத் தோழர்கள் இரண்டாம் தேர்வில் சறுக்கியதால் உனக்கும் வெட்டினோம் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

7 ஏப்ரல், முற்பகல் 10.40, கீழவாசல்

ஏற்கிறேன். இரண்டு நாளாக 33.5ஐ என் பிள்ளை போலக் காத்துக்கொண்டிருந்தேன்.

செய்முறைப் பாடம் பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு செய்முறையை நிரப்புவது பற்றி நான் பேச்சுக்கே இடம் தரமாட்டேன். பியூரெட்டின் குழாயை எந்தக் கணத்தில் மூட வேண்டும் என்று தாளில் எழுதுபவர் வேறு, ஒரு சொட்டு கூடாமல் மூடுபவர் வேறு. அங்கே கணிக்கத் தேவையும் இல்லை. மாணவரின் அப்சர்வேஷன் ஏட்டில் வாரந்தோறும் ஆசிரியர் தேதியிட்டுக் கையெழுத்திட்டிருப்பார். டைட்டர் மதிப்பும் அங்கேயே இருக்கும். அதை வைத்து மீண்டும் மதிப்பிடலாம்.

10 ஏப்ரல், பிற்பகல் 3.15, முல்லைத்தரை

வெள்ளியன்று பட்டியலை அனுப்பவில்லை, ஒரு வாரம் அவகாசம் கேட்டு வாங்கினேன். விலகிய விரிவுரையாளரிடம் பேசினேன். அவர் கையேட்டில் அந்தப் பக்கத்தில் மதிப்பெண்கள் இருக்கின்றன, ஆனால் பதிவெண் 31இலிருந்து 35 வரை ஒரே அடைப்புக்குறியிட்டு "பிறகு" என்று எழுதியிருக்கிறாராம். நம் மாணவரின் பதிவெண் 33. மற்ற நால்வருடைய தாள்கள் கட்டில் இருக்கின்றன.

துறைக் குழு மறுதேர்வு என்று முடிவெடுத்தது. மாணவரை அழைத்துச் சொன்னேன். "நான் ஒரு முறை எழுதிவிட்டேன் சார், தொலைத்தது நான் இல்லை. இரண்டு மாதம் கழித்து அதே பாடத்தை மறுபடியும் ஏன் எழுத வேண்டும்? குறைந்துபோனால் என்ன செய்வது?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுதேர்வில் பெறுவது, கணித்த 33.5, இரண்டில் எது மிகுதியோ அது என்று வாக்குக் கொடுக்கலாமா?

10 ஏப்ரல், இரவு 8.40, கீழவாசல்

இரண்டில் மிகுதி என்பது கணக்கின்படி அவருக்குச் சற்றுக் கூடுதலாகவே தரும். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தொலைத்தது நிறுவனம் ஆகையால், தவறினால் அவர் பக்கம் தவறட்டும் என்பதே என் நிலை. இந்த வாக்கைத் தேர்வுக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள், எழுதி முடித்த பின் கொடுக்காதீர்கள். வராதவர்களுக்கு இது ஒருபோதும் பொருந்தாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

11 ஏப்ரல், காலை 9.20, தாழை

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அப்படியானால் அன்று 40 தாளில் தன் தாளை எழுதி 22 பெற்ற மாணவருக்கு ஏன் இரண்டாம் வாய்ப்பு இல்லை என்று கேட்பார்கள். மறுதேர்வு வைத்தால் அதன் மதிப்பெண்ணே மதிப்பெண்.

11 ஏப்ரல், முற்பகல் 11.00, கீழவாசல்

22 பெற்றவரின் தாளை நாம் தொலைக்கவில்லையே, மேடம்.

11 ஏப்ரல், முற்பகல் 11.25, தாழை

தொலைக்கவில்லை. அவருக்குப் புரிய வைப்பது நீங்கள் அல்லர், முல்லைத்தரை.

13 ஏப்ரல், பிற்பகல் 1.50, முல்லைத்தரை

வரும் திங்கட்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மறுதேர்வு. பழைய வினாத்தாளின் அமைப்பிலேயே புதிய வினாக்கள். இரண்டில் மிகுதி என்ற வாக்கைத் துறைத்தலைவர் எழுத்தில் கொடுத்துவிட்டார். தாழை மேடத்தின் மறுப்பையும் குறிப்பேட்டில் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள். தாளை நானே திருத்தலாம் என்றிருக்கிறேன்.

13 ஏப்ரல், பிற்பகல் 2.05, கீழவாசல்

நீங்கள் திருத்த வேண்டாம். 33.5 என்ற எண் உங்கள் தலைக்குள் எட்டு நாளாக இருக்கிறது. இரண்டாம் தேர்வின் பழைய தாள்களில் நான்கைந்தை முகப்பு இல்லாமல் நகலெடுத்து, இவருடைய தாளையும் அவ்வாறே நகலெடுத்து, ஒன்றாகக் கலந்து வேறு துறைக்காரர் ஒருவரிடம் கொடுங்கள். நகலெடுக்கும்முன் ஒவ்வொரு தாளின் கடைசிப் பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். கூட்டுத்தொகையை உள்ளேயும் எழுதும் பழக்கம் சிலருக்கு உண்டு.